நகம் கறுத்துவிட்டது, பிடுங்கிவிடலாமா?

*மேடம், நாங்கள் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆடிக்காற்றில் கதவு படாரென்று அடித்து, என் மகளின் வலது கை நடுவிரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு எட்டு வயது. ரத்தம் நிற்க மாமியார் காப்பித்தூள் வைத்துக் கட்டினார். முதல் ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கிறது என்று அழுதாள். இன்று நாலாவது நாள். வலி குறைந்திருக்கிறது, ஆனால் நகம் முழுக்கக் கறுத்துவிட்டது. நகத்தின் அடியில் தோல் ஓரமாகக் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, ஊசியைச் சுட்டுக் குத்தி ரத்தத்தை எடுத்துவிடு என்கிறார். இன்னொருவர், நகத்தைப் பிடுங்கினால்தான் புது நகம் ஒழுங்காக வரும் என்கிறார். என்ன செய்வது? நகம் திரும்ப வருமா?*

*ஒரு தாய், ஏற்காடு*

அன்புள்ள சகோதரி,

புதன்கிழமை இரவு உங்கள் கடிதத்தைப் படித்தபோது கறுத்த நகம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோல் ஓரமாக ரத்தம் காய்ந்திருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் உறுத்தியது. அதனால்தான் அன்றிரவே கூப்பிட்டு, காலையில் சேலத்துக்கு இறங்கி வாருங்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குகிற வரை பிள்ளையின் கையை மடியில் தொங்கப்போடாமல் உங்கள் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கச் சொன்னதும் நினைவிருக்கும். படம் எடுத்தோம், நான் பயந்த முறிவு அதில் இல்லை. ஆனால் ஏன் பயந்தேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். ஆடி மாதம் வந்தால் என்னிடம் வருகிற விரல்களில் பாதிப் பேர் கறுப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் அந்தக் கறுப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நகத்துக்கு அடியில் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புச் சதை இருக்கிறது, நகப்படுகை என்போம். உடம்பில் மற்ற இடங்களில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பு இருக்கும், அடிபட்டால் ரத்தம் பரவ இடம் கிடைக்கும். நகப்படுகைக்கு அந்த வசதி கிடையாது. அது நேராக எலும்பின்மேல் ஒட்டியிருக்கிறது. கீழே எலும்பு, மேலே பலகை மாதிரி நகம். கதவு நசுக்கும்போது நடுவில் இருக்கிற சதை கிழிந்து ரத்தம் ஊறுகிறது. அந்த ரத்தம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. நாடித் துடிப்பு ஒவ்வொன்றும் அந்த மூடிய இடத்துக்குள் போய் முட்டுகிறது. உங்கள் மகள் சொன்ன ‘விண்விண்’ அதுதான். சின்னக் காயத்துக்கு இவ்வளவு அழுகையா என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பல்வலிக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வைத்தியம் தப்பில்லை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் நேரமும் ஆளும் சரியாக இருக்க வேண்டும். அடிபட்ட முதல் ஒன்று இரண்டு நாளில், தெறிப்பு தாங்க முடியாமல் இருந்தால், நகத்தில் ஒரு சின்ன ஓட்டை போடுவோம். தடித்த ஊசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மத்து கடைகிற மாதிரி முன்னும் பின்னுமாக உருட்டினால் அது நகத்தை மெல்லக் குடைந்துகொண்டு இறங்கும். மின்சாரத்தில் சூடாகும் கம்பி இருந்தால் இன்னும் சுலபம், நொடியில் நகம் உருகி வழிவிடும். ஓட்டை விழுந்த கணம் கருஞ்சிவப்பு ரத்தம் குபுக்கென்று ஒரு சொட்டு மேலே வரும். அந்தச் சொட்டோடு வலியும் போய்விடும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த ஒரு லாரி டிரைவர், அந்தச் சொட்டு வந்த அடுத்த நிமிஷம் நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டார்.

ஆனால் இரண்டு நாள் கழிந்தால் உள்ளே இருக்கிற ரத்தம் உறைந்துவிடும். அப்புறம் ஓட்டை போட்டாலும் எதுவும் வராது. வலியும் அதற்குள் தானே இறங்கியிருக்கும். உங்கள் மகளுக்கு நாலாவது நாள், வலி குறைந்துவிட்டது, ஆக ஓட்டைக்கு வேலையே இல்லை. முதல் ராத்திரியாகவே இருந்திருந்தாலும் வீட்டில் ஊசியைச் சுட்டு எடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளை கையை வெடுக்கென்று இழுக்கும், ஊசி நகத்தைத் தாண்டி நகப்படுகைக்குள் இறங்கிவிடும். கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தால், வெளியில் இருக்கிற கிருமிக்கு நீங்களே ஒரு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

நகம் முழுக்கக் கறுத்திருக்கிறதே, பாதிக்கு மேல் கறுத்தால் நகத்தை எடுத்துத் தையல் போட வேண்டும் என்று சொல்வார்களே என்று கேட்பீர்கள். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நகத்தின் பாதிக்கு மேல் ரத்தம் கட்டியிருந்தால் கீழே பெரிய கிழிசல் இருக்கும், நகத்தைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அன்றைய பாடம். பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. நகம் உடையாமல், நாலு ஓரமும் தன் இடத்தில் ஒட்டியிருந்தால், கறுப்பு கால் பங்கோ முழுசோ, கழற்றித் தைத்ததால் கூடுதல் லாபம் ஒன்றும் தெரியவில்லை. கிழிந்த சதையை அந்த நகமே மேலிருந்து அமுக்கி, அச்சில் வைத்த மாதிரி ஒட்ட வைத்துவிடுகிறது. ஆகவே கறுப்பின் அளவை விடுங்கள். ஓரத்தைப் பாருங்கள், அதிலும் அடி ஓரத்தை.

அடி ஓரம் என்று நான் சொல்வது, தோலுக்குள்ளிருந்து நகம் வெளியே தலைகாட்டுகிற இடம். வெள்ளைப் பிறை தெரியும் பக்கம். நகத்தில் கால் பங்கு போலத் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கேதான் நகத்தின் விதை இருக்கிறது, புது நகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்த்தி: அந்த விதைக்கு நேர் கீழே, விரலின் கடைசி எலும்பு நீளமாக வளருகிற குருத்துத் தட்டு இருக்கிறது. வளர்ந்த எலும்பைவிட இது மிருதுவானது. கதவு நசுக்கும்போது சில பிள்ளைகளுக்கு எலும்பு இந்த இடத்தில் பிரிந்துவிடும். பிரியும்போது மேலே இருக்கிற நகப்படுகையும் கிழியும், நகத்தின் அடி தோலுக்குள்ளிருந்து எகிறி வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிழிந்த சதை உடைந்த இடத்துக்குள் போய் மாட்டிக்கொண்டால் எலும்பும் சேராது. 1966-ல் இதை விவரித்து எழுதியவர் பெயரால் சீமோர் முறிவு என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த நகம், வீங்கிய விரல், தோல் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான் தெரியும். அதில் கறுப்பும் ரத்தமும் உங்கள் கடிதத்திலேயே இருந்தன.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அன்றிரவு போனில் உங்களைச் செய்யச் சொன்னதும் இதுதான். பிள்ளையின் இரண்டு கை நடுவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். அடிபட்ட நகம் மற்றதைவிட நீளமாகத் தெரிகிறதா? நாலு நாளில் நகம் அப்படி வளராது. நீளமாகத் தெரிந்தால், உள்ளே இருக்க வேண்டிய அடிப்பகுதி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, தோல் மடிப்பு நகத்தின்மேல் ஒட்டிப் படிந்திருக்கிறதா, அல்லது நகத்தின் அடி விளிம்பு தோலுக்கு மேலே மேடை போலத் தெரிகிறதா? கடைசியாக, விரலை நீட்டச் சொல்லுங்கள். நுனி மூட்டு மட்டும் தலை கவிழ்ந்து தொங்கி, எவ்வளவு முயன்றாலும் நேராக வரவில்லையென்றால் அது வெறும் ரத்தக்கட்டு இல்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. எக்ஸ்ரே எடுக்கும்போது அந்த ஒரு விரலை மட்டும் பக்கவாட்டில் வைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். கையை மேஜையில் விரித்து நேராக எடுத்த படத்தில் இந்த முறிவு ஏமாற்றிவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாழப்பாடி பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இன்னும் என் கண்ணில் நிற்கிறான். 11 வயது, கார் கதவு. ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள், ரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லி மேலே கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை. 19-வது நாள் என்னிடம் வந்தபோது கட்டிலிருந்து வாடை வந்தது. நகத்தின் அடி தோலுக்கு வெளியே கிடந்தது, அதைச் சுற்றிச் சீழ். நகச்சுத்தி என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கிருமி எலும்புக்குள் இறங்கியிருந்தது. மயக்கம் கொடுத்து, திறந்து, கழுவி, மாட்டியிருந்த சதையை விடுவித்து, எலும்பை நேராக்கிக் கம்பி வைத்து, ஆறு வாரம் மருந்து கொடுத்தோம். விரல் பிழைத்தது. ஆனால் குருத்துத் தட்டு கெட்டுவிட்டதால் அந்த நுனி எலும்பு அதற்கப்புறம் வளரவில்லை. இன்று அவன் கையை விரித்தால் அந்த ஒரு விரல் மட்டும் நகமும் சின்னதாக, நுனியும் குட்டையாகத் தெரியும். முதல் நாளே பார்த்திருந்தால் கழுவி, நேராக்கி, ஒரு வாரம் பத்து நாள் மருந்தோடு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

உங்கள் மகளின் படத்தில் குருத்துத் தட்டு அப்படியே இருக்கிறது. தோல் ஓரத்து ரத்தம், தோல் மடிப்பில் விழுந்த ஒரு சின்னக் கீறலிலிருந்து வந்தது. நகத்தின் அடி உள்ளேதான் இருக்கிறது. விரல் நுனி எலும்பில், குச்சியின் முனையை நசுக்கினால் பிளக்குமே அந்த மாதிரி, மெல்லிய விரிசல் இரண்டு இருக்கின்றன. நகப்படுகை நசுங்கியவர்களில் நிறையப் பேருக்கு இது இருக்கும். இதற்குக் கம்பி வேண்டாம், மாவுக்கட்டும் வேண்டாம். நடு மூட்டுக்குக் கீழே வராத அளவுக்கு ஒடித்த ஐஸ்கிரீம் குச்சியைப் பஞ்சு சுற்றி விரலின் அடிப்பக்கம் வைத்து ஒட்டி அனுப்பினேனே, அது மூன்று வாரம் இருக்கட்டும். நுனி மூட்டுக்கு மட்டும்தான் ஓய்வு. நடு மூட்டை அவள் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிபடாத மூட்டும் விறைத்துப்போகும். வீட்டுப்பாடம் எழுதப் பென்சில் பிடிக்க வரவில்லை என்று சொல்வாள், அது சில நாள் உண்மையாகவும் சில நாள் சாக்காகவும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களுக்குத் தெரியும்.

காப்பித்தூள் விஷயத்தில் உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாட்டி வீட்டிலும் அதுதான் முதலுதவி. தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கட்டியாகி அடைத்துக்கொள்வதால் நிற்கிற மாதிரி தெரியும். ஆனால் கிழிந்த சதைக்குள் அது மண் மாதிரிதான். உங்கள் மகளின் தோல் மடிப்புக்குள்ளிருந்து அந்தத் தூளை உப்புநீரில் ஊறவைத்து ஊறவைத்து எடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அவளும் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அடுத்த முறை யாருக்காவது இப்படி ஆனால், குழாய் தண்ணீரில் பத்து நிமிஷம் விரலைக் காட்டுங்கள், ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அமுக்கிப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். தூக்கி வைப்பதை யாரும் மதிப்பதில்லை. தொங்கப்போட்ட கைக்கும் தலையணைமேல் தூக்கி வைத்த கைக்கும் தெறிப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால் சிரப் போதும், ஆனால் அளவைச் சரியாகக் கொடுங்கள். நீங்கள் முதல் நாள் கொடுத்ததாகச் சொன்ன ஒரு ஸ்பூன், அவளுக்குப் போதாது. எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. கடையில் இரண்டு வகைப் பாட்டில் இருக்கிறது. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 6 மி.லி., 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதில் 12.5 மி.லி. ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலைப் படிக்காமல் ஸ்பூன் கணக்கில் கொடுத்தால் ஒன்று பலன் இருக்காது, இல்லையென்றால் அதிகமாகிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கிருமிக்கான மாத்திரையை இவளுக்கு நான் எழுதவில்லை. நகம் மூடியிருக்கிற, சுத்தம் செய்த காயத்துக்கு அது தேவையில்லை. தடுப்பூசி அட்டையில் ஐந்து வயது ஊசி போட்டிருந்ததைப் பார்த்ததால் டி.டி. ஊசியும் போடவில்லை. அடுத்தது வழக்கப்படி 10 வயதில்.

கட்டை வெள்ளிக்கிழமை நீங்களே மாற்றலாம். விரலோடு ஒட்டியிருக்கிற முதல் அடுக்கு, மெழுகு தடவின வலை மாதிரி இருக்கும், வாஸலின் காஸ் என்பார்கள். அதை வைக்காமல் வெறும் காஸை வைத்துக் கட்டினால் காய்ந்த ரத்தத்தோடு சதையில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பிள்ளை வீட்டையே இரண்டாக்கிவிடும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கொதித்து ஆறின தண்ணீரில் விரலைக் கட்டோடு பத்து நிமிஷம் வைத்திருந்தால் அதுவாகவே நழுவும். மாற்றும்போது கவனிக்க வேண்டியது இதுதான்: இப்போது இறங்கிக்கொண்டிருக்கிற வலி மறுபடி ஏறுவது, விரல் சிவந்து சூடாவது, தோல் மடிப்பிலிருந்து மஞ்சளாக ஏதாவது கசிவது, வாடை, காய்ச்சல். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள்.

சரி, நகத்துக்கு வருவோம். பிடுங்க வேண்டாம். இப்போதைக்கு அந்தக் கறுத்த நகத்தைவிட நல்ல கட்டு என்னிடம் இல்லை. கீழே சதை ஆறுகிற வரை அது காக்கும், அப்புறம் புது நகம் அடியிலிருந்து தள்ளத் தள்ள அதுவே ஆட ஆரம்பிக்கும். உடைந்தோ பாதி பிய்ந்தோ வந்த நகத்தை மரத்துப்போகும் ஊசி போட்டு நாங்கள் எடுப்பது உண்டு. அப்படி எடுத்து நகப்படுகையைத் தைத்த பிறகு, பழைய நகத்தைத் திரும்பச் செருகினால்தான் புது நகம் அழகாக வரும் என்று வெகுகாலம் நம்பினோம். பிரிட்டனில் 451 குழந்தைகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. செருகினதற்கும் தூக்கிப் போட்டதற்கும் தோற்றத்திலோ தொற்றிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆக, நாளைக்கு உங்கள் மகளின் நகம் எங்காவது மாட்டிக் கழன்றுவிட்டாலும் குடி முழுகிவிடாது. கழன்ற இடத்தில் வாஸலின் காஸ் வைத்துக் கட்டுங்கள், போதும்.

கணக்கைச் சொல்கிறேன். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். அடிபட்ட நகம் முதல் மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் செய்யும், அப்புறம்தான் கிளம்பும். இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட என் இடது கட்டைவிரலில் நன்றாகப் படித்தேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது கார் கதவில் நசுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்து டயரியில் குறித்தேன். மூன்று வாரம் ஒரே எண். நாலாவது வாரம் அடியில் ஒரு மெல்லிய கோடு மாதிரி புது நகம். ஆறாவது வாரம் தலைக்குக் குளித்துத் துவட்டும்போது பழைய நகம் துண்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வலிக்கவில்லை, துண்டை மடிக்கும்போதுதான் பார்த்தேன். அடியில் பழைய சதைமேல் பளபளவென்று ஒரு தோல். அதைத் தொட்டால் கூசியது.

உங்கள் மகளின் நகம், தோலுக்குள் இருப்பதையும் சேர்த்து 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாக வளர நாலு மாதம், நின்றுபோகும் மூன்று வாரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதம். ஆடியில் நசுங்கியது மார்கழியில் நுனியைத் தொடும். நடுவில் கறுப்பு நகத்தோடு சேர்ந்து நுனி நோக்கி நகரும். அடியில் வெளுப்பாகப் புது நகம் வந்து அதைத் தள்ளிக்கொண்டு போவது தெரியும். இது நல்ல அடையாளம். பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள்: அடிபட்ட நினைவே இல்லாமல் வந்த கறுப்பு, அல்லது இரண்டு மாதமாகியும் நகத்தோடு நகராமல் அதே இடத்தில் நிற்கிற கறுப்பு ரத்தக்கட்டாக இல்லாமல் இருக்கலாம். அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலில் வருகிற நகம் அழகாக இருக்காது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து, அதற்குப் பின்னால் மேடு தட்டி, பருமனாக வரும். அந்தப் பள்ளம் நகம் நின்றுபோன மூன்று வாரத்தின் முத்திரை, அதுவும் நகர்ந்து போய் வெட்டுப்பட்டுவிடும். இரண்டாவது சுற்றில் வருகிற நகம்தான் உண்மையான நகம். ஒரு வருஷம் ஆகும்வரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதற்கப்புறமும் நெடுக்கே ஒரு பிளவு அப்படியே நின்றால் விதையில் தழும்பு விழுந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு, ஆனால் முழுசாகச் சரியாகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. உங்கள் மகளுக்கு அடி ஓரம் கலையாததால் அந்த வாய்ப்பு குறைவு.

இன்னொன்று ஏற்காட்டுக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. நசுங்கிய விரல் நுனி குளிரைத் தாங்காது. நகம் வந்து, எலும்பு சேர்ந்து, எல்லாம் சரியான பிறகும், காலையில் பனியில் நிற்கும்போதோ பச்சைத்தண்ணீரில் கை வைக்கும்போதோ அந்த ஒரு விரல் மட்டும் வெளுத்துக் கடுக்கும். நசுங்கியபோது நுனியில் இருக்கிற மெல்லிய நரம்புகளும் ரத்தக் குழாய்களும் அடிபட்டதால் வருவது. சில பேருக்கு ஒரு குளிர்காலம், சில பேருக்கு இரண்டு மூன்று. சேலத்தில் இருப்பவர்கள் இதை என்னிடம் சொல்வதே அபூர்வம், மலையிலிருந்து வருபவர்கள் டிசம்பரில் தவறாமல் சொல்வார்கள். காயம் மூடின பிறகு தினமும் இரண்டு வேளை தேங்காயெண்ணெய் தொட்டு நுனியை ஐந்து நிமிஷம் நீவிவிடுங்கள். பிறகு மேஜைமேல் தாளம் போடுகிற மாதிரி அந்த விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள், முதலில் துணிமேல், அப்புறம் மரத்தின்மேல். கூச்சம் மெல்ல அடங்கும். மார்கழிக்கு முன்னால் ஒரு கம்பளிக் கையுறை வாங்கி வைத்துவிடுங்கள்.

கதவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆடி இன்னும் முடியவில்லை. மழையில் மரம் ஊதி, அமுக்கிச் சாத்தினால்தான் பொருந்தும் என்கிற கதவுகள்தான் காற்றில் இவ்வளவு வேகமாக அடிக்கின்றன. ஒரு பழைய துண்டைக் கயிறு மாதிரி முறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கதவின் மேல் விளிம்பில், இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி போட்டு வையுங்கள். கதவு எவ்வளவு வேகமாக வந்தாலும் நிலையில் முட்டாமல் நின்றுவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், துண்டு தாழ்ப்பாள் பக்கத்தைத்தான் காக்கும். கீல் பக்க இடுக்கில் நசுங்குகிற விரல்தான் இன்னும் மோசமாக வருகிறது, ஏனென்றால் கதவின் மொத்த வீச்சும் அந்த ஒரு விரல்கடை இடத்தில் நெம்புகோலாக இறங்குகிறது. அந்தப் பக்கத்துக்கு, தடித்த ரெக்ஸின் துண்டு ஒன்றை மேலிருந்து கீழ் வரை இடுக்கை மூடி இரண்டு பக்கமும் ஆணியடித்துவிடச் சொல்லுங்கள்.

குச்சியை எடுக்க மூன்றாவது வாரம் வியாழக்கிழமை வாருங்கள். அன்றைக்குப் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். வரும்போது அவளுடைய மற்ற நடுவிரல் நகத்தை வெட்டாமல் கூட்டிவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க எனக்கு அது தேவைப்படும்.